செமினாருக்கு மார்க் போட ஒரு ரூப்ரிக்: முதல்முறை செய்பவர்களுக்கு

கல்லூரியில் பாடம் நடத்தத் தொடங்கிய முதல் வருடம், செமினார் எடுத்த மாணவர்களுக்கு 20க்கு மார்க் போடச் சொன்னார்கள். வெள்ளைத்தாளில் பெயரை எழுதி, பக்கத்தில் 16, 14, 17 என்று போட்டுக்கொண்டே போனேன். மறுநாள் ஒரு மாணவி வந்து, "எனக்கு ஏன் சார் 13? எதில் குறைந்தது?" என்று கேட்டாள். என்னிடம் பதில் இல்லை. அவள் பேசியதில் எது எனக்குப் பிடிக்கவில்லை என்று எனக்கே நினைவில்லை. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் ரூப்ரிக் செய்யக் கற்றுக்கொண்டேன்.

ரூப்ரிக் என்பது ஒரு சாதாரண அட்டவணை. இடப்பக்கம் மேலிருந்து கீழாக, எதையெல்லாம் பார்க்கப்போகிறோம் என்பது இருக்கும். நமக்கு அவை நான்கு: அமைப்பு, ஆதாரம், பேசும் விதம், கேள்விக்குப் பதில். மேல்பக்கம் குறுக்காக, எந்தத் தரம் என்பது இருக்கும். நடுவில் உள்ள கட்டங்களில், அந்தத் தரத்தில் இருக்கும் பேச்சு எப்படி இருக்கும் என்று எழுதுவோம். வேலையெல்லாம் அந்தக் கட்டங்களில்தான். "மிக நன்று, நன்று, சுமார், மோசம்" என்று அங்கே எழுதினால் அட்டவணை இருந்தும் பயனில்லை. அந்த மாணவி மறுபடி வந்து கேட்டால், "உன்னுடையது சுமார்" என்பதற்கு மேல் நம்மால் ஒன்றும் சொல்ல முடியாது.

கீழே வருவது இளங்கலை இரண்டாம் ஆண்டு சுற்றுச்சூழல் பாடத்துக்கு நான் பயன்படுத்துவது. பள்ளி வகுப்புக்கும் இதே வழி பொருந்தும், சொற்களைத்தான் மாற்ற வேண்டியிருக்கும்.

முதலில் வேலையை முடிவு செய்யுங்கள், அட்டவணையை அல்ல

மாணவர் என்ன செய்யப்போகிறார் என்பது தெளிவாகாமல் அட்டவணையைத் தொடக் கூடாது. நான் கொடுக்கும் வேலை இது: உங்கள் ஊரிலோ தெருவிலோ உள்ள ஒரு சுற்றுச்சூழல் பிரச்சினையை எடுத்துக்கொண்டு, அதைப் பற்றி ஒரு முடிவைச் சொல்லி, அதற்கு ஆதாரம் காட்ட வேண்டும். பேச 7 நிமிடம், கேள்விக்கு 3 நிமிடம். ஆள் மாறவும் ஸ்லைடு திறக்கவும் ஆகும் நேரத்தைச் சேர்த்தால் 50 நிமிட வகுப்பில் நான்கு பேர் பேசலாம். 48 மாணவர்கள் என்றால் 12 வகுப்புகள். இந்தக் கணக்கை முன்கூட்டியே போடுங்கள். போடாவிட்டால் கடைசி வாரத்தில் வருபவர்களுக்கு நேரம் சுருங்கும், கேள்வி நேரம் காணாமல் போகும், பிறகு அட்டவணையில் "கேள்விக்குப் பதில்" என்ற வரிசைக்கு எதைப் பார்த்து மார்க் போடுவது?

வேலையில் "ஒரு முடிவைச் சொல்ல வேண்டும்" என்று இருப்பதைக் கவனியுங்கள். "பிளாஸ்டிக் மாசு பற்றிப் பேசு" என்று மட்டும் சொன்னால் மாணவர் பத்து ஸ்லைடில் தகவலைக் கொட்டிவிட்டுப் போவார். அதில் ஆதாரம் என்று எதை மதிப்பிடுவது? எதையாவது வாதிட்டால்தானே அதற்கு ஆதாரம் தேவைப்படும்.

துண்டுத் தாள்களில் தொடங்குங்கள்

போன வருடம் பார்த்த பேச்சுகளை நினைவுபடுத்திக்கொண்டு, கண்ணால் பார்த்ததையும் காதால் கேட்டதையும் மட்டும் துண்டுத் தாள்களில் எழுதுங்கள். ஒரு தாளுக்கு ஒன்று. "ஸ்லைடைப் பார்த்து அப்படியே வாசித்தான்." "எண் சொன்னாள், எங்கிருந்து கிடைத்தது என்று சொல்லவில்லை." "கேள்வி கேட்டதும் ஏற்கெனவே சொன்னதையே திருப்பிச் சொன்னான்." "நன்றாகப் பேசினாள்" என்று ஒரு தாள் வந்தால் அதை ஓரமாக வையுங்கள். எது அப்படி நினைக்க வைத்தது என்று யோசித்து, வேறு தாளில் எழுதுங்கள்.

முப்பது தாள் சேர்ந்ததும் நான்கு குவியலாகப் பிரித்துப் பாருங்கள். எதிலும் சேராத சில மிஞ்சும். எனக்கு மிஞ்சியது நேரம்: 7 நிமிடத்தில் முடிக்காதது அமைப்பின் குறையா, பேசும் விதத்தின் குறையா? இரண்டில் எதில் வேண்டுமானாலும் வைக்கலாம், ஆனால் ஒன்றில் மட்டும்தான் வைக்க வேண்டும். இரண்டிலும் எழுதினால் ஒரே தவறுக்கு இருமுறை மார்க் போகும். நான் அமைப்பில் வைத்திருக்கிறேன். நேரம் போதாமல் போவது பெரும்பாலும் முன்னுரை மூன்று நிமிடம் ஓடியதால்தான்.

மார்க் கணக்கு

தரம் நான்கு வைத்துக்கொள்ளுங்கள், 4 முதல் 1 வரை. ஐந்து வைத்தால் நடுவில் 3 என்று ஒன்று இருக்கும், முடிவெடுக்கத் தயங்கும்போதெல்லாம் கை அங்கேதான் போகும். நான்கில் நடு இல்லை. எதிர்பார்த்த அளவை எட்டினாரா இல்லையா என்று தீர்மானித்தே ஆக வேண்டும்.

ஆதாரத்துக்கு இரட்டை மார்க். மற்ற மூன்றும் ஒற்றை. அதாவது அமைப்பு 4, ஆதாரம் 8, பேசும் விதம் 4, கேள்விக்குப் பதில் 4, மொத்தம் 20. தலையில் கூட்டிவிடலாம். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: எல்லாவற்றிலும் 1 வாங்கினாலும் 5 மார்க் வந்துவிடும். அதனால் ஒரு பகுதியைச் செய்யவே இல்லை என்றால் 0 என்று அட்டவணைக்குக் கீழே எழுதி வையுங்கள்.

ஆதாரத்துக்கு ஏன் இரட்டை என்று மாணவர்கள் கேட்பார்கள். அவர்களுக்கு நான் சொல்வது 1973இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வை. ஒரு நடிகரை "டாக்டர் ஃபாக்ஸ்" என்று அறிமுகப்படுத்தி, மனநல மருத்துவர்களும் கல்வியாளர்களும் இருந்த கூட்டத்தில் பேச வைத்தார்கள். பேச்சு வேண்டுமென்றே வெறுமையாக, ஒன்றுக்கொன்று முரணாகத் தயாரிக்கப்பட்டிருந்தது. ஆனால் அவர் உற்சாகமாக, நகைச்சுவையோடு பேசினார். கேட்டவர்கள் பெரும்பாலும் பாராட்டியே மதிப்பிட்டார்கள். படித்தவர்களுக்கே அப்படி என்றால், மதியம் இரண்டரை மணிக்கு நான்காவது செமினாரைக் கேட்டுக்கொண்டிருக்கும் நமக்கு எப்படி இருக்கும்? நல்ல குரல் ஆதாரத்தின் மார்க்கையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போய்விடும். தனி வரிசையும் இரட்டை மார்க்கும் அதைத் தடுக்கத்தான்.

கட்டங்களை எழுதுவது: 3இல் தொடங்குங்கள்

புதிதாகச் செய்பவர்கள் 4இல் தொடங்கி, கீழே வர வர ஒவ்வொரு சொல்லாகக் குறைத்துக்கொண்டு வருவார்கள். "முழுமையான ஆதாரம், ஓரளவு ஆதாரம், கொஞ்சம் ஆதாரம்." ஓரளவுக்கும் கொஞ்சத்துக்கும் என்ன வித்தியாசம் என்று யாராலும் சொல்ல முடியாது.

3இல் தொடங்குங்கள். ஒழுங்காக வேலை செய்த ஒரு மாணவர் எதைச் செய்திருப்பார் என்பதே 3. அதை எழுதிய பிறகு, 4க்கு அவர் கூடுதலாகச் செய்யும் ஒரு செயல் என்ன என்று கேளுங்கள். அப்புறம் 2க்கு அதில் எது இல்லாமல் போகும் என்று கேளுங்கள். தரத்துக்குத் தரம் மாறுவது அளவாக இல்லாமல் செயலாக இருக்க வேண்டும்.

ஆதாரத்துக்கு என் கட்டங்கள் இவை:

- 4: ஒவ்வொரு முக்கியக் கூற்றுக்கும் ஆதாரம் உண்டு, அது எங்கிருந்து கிடைத்தது என்று, கேட்பவர் தேடி எடுக்கக்கூடிய அளவுக்குச் சொல்கிறார், அந்த ஆதாரத்தால் எதைச் சொல்ல முடியாது என்பதையும் சொல்கிறார்.
- 3: ஒவ்வொரு முக்கியக் கூற்றுக்கும் ஆதாரம் உண்டு; எங்கிருந்து கிடைத்தது என்று, கேட்பவர் தேடி எடுக்கக்கூடிய அளவுக்குச் சொல்கிறார்.
- 2: ஆதாரம் காட்டுகிறார், ஆனால் ஒரு முக்கியக் கூற்றாவது ஆதாரமின்றி நிற்கிறது, அல்லது எங்கிருந்து கிடைத்தது என்று தெரியவில்லை.
- 1: கருத்து மட்டும்தான், அல்லது காட்டும் ஆதாரத்துக்கும் கூற்றுக்கும் தொடர்பில்லை.

"குறைந்தது மூன்று ஆதாரம்" என்று எண்ணிக்கை போட எனக்கும் ஆசை இருந்தது, எண்ணுவது சுலபம் என்பதால். ஒரு வருடம் போட்டுப் பார்த்தேன். எல்லோரும் சரியாக மூன்று கொண்டுவந்தார்கள், அதில் இரண்டு கூற்றோடு சம்பந்தமே இல்லாதவை. எண்ணிக்கையை எடுத்துவிட்டேன்.

அமைப்பு வரிசையை எழுதுவது எளிது. 3 என்பது: முதல் நிமிடத்துக்குள் தன் முடிவைச் சொல்கிறார், ஒரு பகுதியிலிருந்து அடுத்ததற்குப் போகும்போது கேட்பவருக்குத் தெரிகிறது, 7 நிமிடத்துக்குள் முடிக்கிறார். 4க்கு, பகுதிகளின் வரிசையே வாதத்தைக் கட்டுகிறது. ஒன்றை இடம் மாற்றினால் வாதம் நிற்காது. 2 என்றால் முடிவு கடைசியில்தான் தெரிகிறது அல்லது நேரம் மீறுகிறது. 1 என்றால் முடிவு என்ன என்று கடைசிவரை தெரியவில்லை.

பேசும் விதம்: இங்கேதான் அநியாயம் நடக்கும்

இந்த வரிசையில் "சரளம்", "தன்னம்பிக்கை", "நல்ல உச்சரிப்பு" என்று எழுதுவது வழக்கம். நான் மூன்றையும் எடுத்துவிட்டேன். ஆங்கிலத்தில் பேச வேண்டிய செமினாரில் சரளத்துக்கு மார்க் வைத்தால், அது பன்னிரண்டு வருடம் ஆங்கில வழியில் படித்தவருக்குப் போய்ச்சேரும் மார்க். தமிழ்வழியில் படித்து வந்த பெண் ஏரியை அளந்து வந்திருப்பாள், ஆனால் சொல்லத் தடுமாறுவாள். மொழியை மதிப்பிடத்தான் வேண்டும் என்றால் அது ஆங்கிலப் பாடத்தின் வேலை. தன்னம்பிக்கை கண்ணுக்குத் தெரிவதில்லை. நாம் பார்ப்பது குரலையும் நிற்கும் விதத்தையும் வைத்து நாமே செய்துகொள்ளும் ஊகத்தை.

கேட்பவர் பக்கம் இருந்து எழுதினால் இது சரியாகும். என் 3 இப்படி: கடைசி பெஞ்சில் இருப்பவருக்குக் கேட்கிறது, குறிப்பைப் பார்க்கலாம், ஆனால் வாசிக்காமல் கேட்பவர்களைப் பார்த்துப் பேசுகிறார், ஸ்லைடில் உள்ளதைக் கடைசி பெஞ்சிலிருந்து படிக்க முடிகிறது. 4க்கு, கேட்பவர்களுக்குப் புரியவில்லை என்று தெரிந்தால் நிறுத்தி வேறு விதமாகச் சொல்கிறார். 2 என்றால் பெரும்பகுதியை வாசிக்கிறார், அல்லது பின்னால் கேட்கவில்லை. 1 என்றால் என்ன சொல்கிறார் என்று பின்தொடரவே முடியவில்லை. திக்கிப் பேசுபவருக்கு இந்த வரிசையில் எதுவும் குறையாது, அவருக்கு 7 நிமிடக் கட்டுப்பாட்டையும் தளர்த்துவேன். அதை வகுப்பில் அறிவிக்காமல் அவரிடம் தனியாக முன்பே பேசி முடித்துக்கொள்ளுங்கள்.

மார்க் போட வசதியாக நான் கடைசி பெஞ்சில்தான் உட்காருகிறேன். முன்னால் உட்கார்ந்தால் எல்லோருக்கும் குரல் கேட்கிறது என்றுதான் தோன்றும்.

கேள்விக்குப் பதில்

பலருடைய ரூப்ரிக்கில் இந்த வரிசையே இருக்காது. அமெரிக்கக் கல்லூரிகளின் சங்கம் ஒன்று 2009இல் வெளியிட்டு உலகம் முழுவதும் எடுத்தாளப்படும் வாய்மொழித் தொடர்பு ரூப்ரிக்கில் ஐந்து வரிசைகள் உண்டு: அமைப்பு, மொழி, பேசும் விதம், ஆதாரம், மையக் கருத்து. கேள்விக்கு அதில் தனி வரிசை கிடையாது. ஆனால் ஒரு மாணவருக்கு விஷயம் தெரியுமா, மனப்பாடமா என்பது அந்த 3 நிமிடத்தில்தான் வெளிப்படும்.

இதில் சிக்கல் பதிலில் இல்லை, கேள்வியில் இருக்கிறது. ஒருவருக்கு நண்பன் எழுந்து "இதற்குத் தீர்வு என்ன?" என்று கேட்பான். இன்னொருவருக்கு நானே கடினமான கேள்வி ஒன்றைப் போடுவேன். இருவருக்கும் ஒரே அளவுகோல் என்றால் நியாயமில்லை. அதனால் எல்லோருக்கும் இரண்டு கேள்விகளை நானே கேட்கிறேன், வகை மாறாமல். ஒன்று, ஆதாரத்தைப் பற்றியது: "இந்த எண்ணை எப்படி எடுத்தீர்கள்?" இன்னொன்று, நிலைமையை மாற்றிக் கேட்பது: "இது மழை குறைந்த வருடமாக இருந்திருந்தால் உங்கள் முடிவு மாறுமா?" மிச்ச நேரம் வகுப்புக்கு, அதற்கு மார்க் இல்லை.

கட்டங்களில் முக்கியமாக ஒன்றைத் தீர்க்க வேண்டும்: "தெரியாது" என்று சொல்பவருக்கு என்ன மார்க்? "தெரியவில்லை" என்று சொல்லி நின்றுவிட்டால் என் அட்டவணையில் 2. "தெரியவில்லை, ஆனால் அந்தக் கிணறுகளின் நீர்மட்டத்தைக் கோடையிலும் அளந்தால் சொல்ல முடியும்" என்றால் 3. கேட்ட கேள்வியை விட்டுவிட்டு ஏற்கெனவே பேசியதைத் திருப்பிச் சொன்னால் அல்லது இல்லாத தகவலைச் சொல்லிச் சமாளித்தால் 1. கேட்டதற்கு நேராகத் தன் ஆதாரத்தை வைத்துப் பதில் சொன்னால் அதுவும் 3. அதோடு தன் முடிவைத் தேவையான இடத்தில் திருத்திக்கொண்டால் 4. தெரியாது என்று ஒப்புக்கொள்வதைவிடச் சமாளிப்பதற்குக் குறைவான மார்க் என்பதை மாணவர்கள் முன்கூட்டியே தெரிந்துகொண்டால், அந்த 3 நிமிடமே மாறிவிடுகிறது.

இன்னொருவரோடு சோதித்துப் பாருங்கள்

அட்டவணை தயாரானதும் வகுப்புக்குக் கொண்டுபோகாதீர்கள். பழைய செமினார் ஒன்றின் வீடியோ இருந்தால் எடுத்து, இன்னொரு ஆசிரியரோடு உட்காருங்கள். இருவரும் பேசிக்கொள்ளாமல் மார்க் போட்டு, பிறகு ஒப்பிடுங்கள்.

நாங்கள் எடுத்துக்கொண்டது ஒரு மாணவியின் பேச்சு. தமிழ்நாட்டில் 2003இல் கட்டடங்களுக்கு மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது. எங்கள் தெருவில் அது இப்போது வேலை செய்யவில்லை என்பது அவளது முடிவு. 18 வீடுகளுக்குப் போய்ப் பார்த்திருந்தாள். 15 வீட்டில் மாடியிலிருந்து குழாய் இறங்குகிறது. அதில் 9 வீட்டில் குழி மண்ணடைத்தோ மேலே சிமென்ட் பூசப்பட்டோ கிடக்கிறது. புகைப்படங்கள் காட்டினாள். பிறகு, "இதனால்தான் எங்கள் பகுதியில் நிலத்தடி நீர் இறங்கிவிட்டது என்று அரசே சொல்கிறது" என்றாள். குரல் அருமையாக இருந்தது.

நான் போட்டது: அமைப்பு 3, ஆதாரம் 3 (இரட்டித்து 6), பேசும் விதம் 4, பதில் 2. மொத்தம் 15. நண்பர் போட்டது: அமைப்பு 3, ஆதாரம் 2 (இரட்டித்து 4), பேசும் விதம் 3, பதில் 2. மொத்தம் 12. மொத்தத்தை மட்டும் பார்த்தால் "சார் கொஞ்சம் கண்டிப்பானவர்" என்று முடித்திருப்போம். வரிசை வாரியாகப் பார்த்தபோது சண்டை எங்கே என்று தெரிந்தது. அப்போது எங்கள் அட்டவணையில் ஆதாரத்துக்கு 3 என்பது "எங்கிருந்து கிடைத்தது என்று சொல்கிறார்" என்று மட்டும் இருந்தது. "அரசே சொல்கிறது" என்பதை நான் அதில் சேர்த்துக்கொண்டேன். அவர் சேர்க்கவில்லை; எந்தத் துறை, எந்த வருடத்து அறிக்கை என்று அவள் சொல்லவில்லை என்றார். அவர் சொன்னதுதான் சரி. "கேட்பவர் தேடி எடுக்கக்கூடிய அளவுக்கு" என்ற சொற்கள் அன்றைக்குத்தான் கட்டத்துக்குள் வந்தன. பேசும் விதத்தில் நான் கொடுத்த 4க்கும், அவள் எங்கே நிறுத்தி வேறு விதமாகச் சொன்னாள் என்று என்னால் காட்ட முடியவில்லை. குரல் பிடித்திருந்தது, அவ்வளவுதான். 3 ஆக்கினேன்.

இப்படி மூன்று வீடியோ பார்த்தால் போதும். ஒரு வரிசையில் இருவருக்கும் ஒரு தரம் வித்தியாசம் அவ்வப்போது வருவது இயல்பு. ஒரே வரிசையில் திரும்பத் திரும்ப வந்தால், அல்லது இரண்டு தரம் வித்தியாசம் வந்தால், அந்தக் கட்டத்தின் சொற்களை மாற்றுங்கள். மார்க்கைச் சராசரி எடுத்துச் சமரசம் செய்யாதீர்கள்.

வகுப்பில்

பேச்சுக்குக் குறைந்தது ஒரு வாரம் முன்பு அட்டவணையை மாணவர்கள் கையில் கொடுங்கள். கொடுத்தால் மட்டும் படிக்க மாட்டார்கள். நாங்கள் பார்த்த மாதிரி ஒரு வீடியோவைப் போட்டு, அவர்களையே மார்க் போடச் சொல்லுங்கள் (அந்த மாணவரிடம் அனுமதி வாங்கியிருக்க வேண்டும்). ஒரு வகுப்பு போகும், ஆனால் பிறகு "ஏன் சார் 13" என்ற கேள்வி அபூர்வமாகத்தான் வரும்.

பேச்சு நடக்கும்போது ஆதாரத்தைப் பற்றிய குறிப்புகளை மட்டும் எழுதுங்கள்: எந்தக் கூற்று, எந்த ஆதாரம். முடிந்ததும், அடுத்தவர் ஸ்லைடு திறக்கும் அந்த இரண்டு நிமிடத்தில் முதலில் ஆதாரத்துக்கும் பதிலுக்கும் மார்க் போடுங்கள், பேசும் விதத்தைக் கடைசியில் வையுங்கள். முதல் நாளில் பேசும் நான்கு பேருக்கு ஒப்பிட யாரும் இருக்க மாட்டார்கள். அவர்களுடைய குறிப்புகளை வாரக் கடைசியில் எடுத்து, அதே கட்டங்களோடு மறுபடி ஒப்பிட்டுவிட்டு மார்க்கைப் பதிவேட்டில் ஏற்றுங்கள்.

எல்லோரும் பேசி முடித்ததும் வரிசை வாரியாக மார்க்குகளைப் பாருங்கள். என் வகுப்பில் ஒருமுறை அமைப்பு வரிசையில் 48 பேரில் 41 பேருக்கு 3 வந்தது. முதல் நிமிடத்தில் முடிவைச் சொல்ல வேண்டும் என்று அட்டவணையில் படித்துவிட்டு எல்லோரும் சொல்லிவிட்டார்கள். அது நல்லதுதான், கற்றுக்கொண்டுவிட்டார்கள். ஆனால் அடுத்த பருவத்துக்கு அந்த வரிசையின் 3ஐ ஒரு படி உயர்த்தினேன்: முடிவைச் சொன்னால் மட்டும் போதாது, ஒவ்வொரு பகுதியும் அந்த முடிவுக்கு என்ன சேர்க்கிறது என்றும் சொல்ல வேண்டும்.